யோகா விரிப்பில் வாட்ச் போடும் கணக்கு

ஸ்மார்ட் வாட்சில் யோகாவுக்கென்று ஒரு தனிப் பிரிவு உண்டு. அதைத் தொட்டால் நேரம் ஓடத் தொடங்கும். பயிற்சி முடிந்ததும் மூன்று எண்கள் திரையில் வந்து நிற்கும்: எத்தனை நிமிடம், சராசரி இதயத் துடிப்பு எவ்வளவு, எத்தனை கலோரி. மூன்றும் ஒரே வரிசையில் ஒரே எழுத்தில் வருவதால் மூன்றையும் ஒரே அளவுக்கு நம்பலாம் என்று தோன்றும். நிமிடங்களை வாட்ச் எண்ணியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. துடிப்பைத் தோல் வழியாக ஒளி பாய்ச்சி அளந்திருக்கிறது; பெரும்பாலும் சரியாக இருக்கும், சில ஆசனங்களில் தவறும். கலோரியை வாட்ச் அளக்கவே இல்லை. துடிப்பு, கையின் அசைவு, உடல் எடை, வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துப் போட்ட ஊகக் கணக்கு அது. நடைக்கும் ஓட்டத்துக்கும் ஓரளவு பொருந்திவரும் அந்தக் கணக்கு, யோகாவிலும் தசை நீட்சிப் பயிற்சியிலும் தடுமாறுகிறது.

வாட்சின் அடிப்பக்கத்தில் மினுக்கும் பச்சை விளக்குதான் துடிப்பை அளக்கும் கருவி. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மணிக்கட்டின் நுண்ணிய குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடும். அப்போது திரும்பிவரும் ஒளி சற்றுக் குறையும். விளக்குக்குப் பக்கத்தில் உள்ள ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்ய, அதிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வாட்ச் கணக்கிடுகிறது. சாதாரண நேரத்தில் பல வாட்சுகள் மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் இப்படிப் பார்க்கும். பயிற்சிப் பிரிவைத் தொடங்கினால்தான் இடைவிடாமல் பார்க்கும். பயிற்சியைத் தொடங்கும்போது பொத்தானை அழுத்த மறந்துவிட்டு, முடித்தபின் துடிப்பு வரைபடத்தைத் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த முறைக்குத் தேவையானவை இரண்டு. வாட்ச் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். அதன் அடியில் இரத்தம் சீராக ஓட வேண்டும். யோகாவில் கை பெரும்பாலும் அசையாமல் இருக்கிறதே, ஓட்டத்தைவிட இங்கே அளப்பது எளிதல்லவா என்று கேட்கலாம். வஜ்ராசனத்திலும் சவாசனத்திலும் அது உண்மைதான். உள்ளங்கை தரையில் ஊன்றும் நிலைகளில் கதை வேறு. அதோமுக சுவானாசனத்திலும், பிளாங்க் எனப்படும் பலகை நிலையிலும், புஜங்காசனத்துக்கு எழும்பும்போதும் மணிக்கட்டு பின்பக்கமாக மடங்குகிறது. புறங்கையின் எலும்பு வாட்சை ஒரு பக்கம் தூக்கிவிட, மறுபக்கம் தோலை அழுத்துகிறது. தூக்கிய பக்கத்தில் வெளி வெளிச்சம் நுழையும். அழுந்திய பக்கத்தில் இரத்தம் நசுங்கும். இரண்டுமே அளவைக் கெடுப்பவை. கைகளைத் தலைக்கு மேல் நீட்டி நிற்கும் நிலைகளிலும் மணிக்கட்டில் உள்ள இரத்த அளவு மாறுவதால் சமிக்ஞை பலவீனப்படுவதுண்டு.

இன்னொரு தொல்லை, பக்கவாட்டில் இருக்கும் திருகும் பொத்தானும். இடக்கையில் கட்டினால் இவை வழக்கமாக விரல்களின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு மடங்கும்போது புறங்கை அவற்றை அழுத்திவிடும். ஆசனத்தின் நடுவில் பயிற்சி நின்றுபோவதும், குரல் உதவி விழித்துக்கொண்டு பேசுவதும் இதனால்தான். நீண்ட நேரம் அழுந்தினால் அவசர அழைப்புத் திரைகூட வரலாம். வாட்சைத் திருப்பிக் கட்டி, திருகு முழங்கையின் பக்கம் வரும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளும் வசதி ஆப்பிள் வாட்சில் இருக்கிறது. அதைவிட எளிய வழி, பயிற்சிக்கு முன் வாட்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை மேலே ஏற்றி, தோல் அழுந்தித் தடம் பதியாத அளவுக்கு இறுக்கிக் கட்டுவது. ஏற்றிக் கட்டினாலே தவறுகளில் பெரும்பகுதி போய்விடும்.

அளவு தவறியிருப்பதை வரைபடத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். உண்மையான துடிப்பு ஒரு சாய்வில் ஏறும், ஒரு சாய்வில் இறங்கும். 88-இல் இருந்தது அடுத்த நொடியே 140-க்குத் தாவி, இருபது நொடி அங்கேயே நின்று, மறுபடி 90-க்கு விழுந்தால் அந்த மேடு இதயத்தின் வேலையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் உள்ளங்கை ஊன்றிய நேரமாக இருக்கும். கோடு அறுந்து இடைவெளி விட்டிருந்தாலும், சூரிய நமஸ்காரம் நடக்கும்போது மாறாத நேர்கோடாக இருந்தாலும் சந்தேகப்படலாம். ஐயம் தீர, ஆசனத்திலிருந்து வெளிவந்ததும் மறுகை மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் இரண்டு விரல் வைத்து 30 நொடி நாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். துல்லியம் வேண்டுவோர் மார்பில் கட்டும் பட்டையைப் பயன்படுத்துகிறார்கள். அது இதயத்தின் மின் சமிக்ஞையையே பிடிப்பதால் மணிக்கட்டு மடங்குவது அதைப் பாதிக்காது. குப்புறப் படுக்கும் ஆசனங்களில் அது உறுத்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரியாகவே அளந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் யோகா மற்ற பயிற்சிகளிலிருந்து பிரிகிறது.

நடக்கும்போதும் ஓடும்போதும் பெரிய தசைகள் சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து வேலை செய்கின்றன. அவற்றுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். வேகம் கூடக்கூட ஆக்ஸிஜன் தேவை கூடும். அதைக் கொண்டுசேர்க்க இதயமும் வேகமாகத் துடிக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் ஏறுவதால் துடிப்பைப் பார்த்து ஆக்ஸிஜனை ஊகிக்கலாம், ஆக்ஸிஜனிலிருந்து கலோரியை ஊகிக்கலாம். வாட்சின் கணக்கு முழுவதும் இந்த உறவின் மேல்தான் நிற்கிறது.

வீரபத்ராசனத்தில் ஒரு நிமிடம் நிற்கும்போது நடப்பது வேறு. தொடையும் தோளும் சுருங்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டிருக்கின்றன. இறுகிய தசை தனக்குள் ஓடும் குழாய்களை நெரிப்பதால் அதற்கு இரத்தம் போதவில்லை. தசைக்குள் கழிவுகள் தேங்க, அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளை இரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் உயர்த்துகிறது. தொடை நடுங்கத் தொடங்கும்போது துடிப்பு 100-ஐத் தாண்டுவது இதனால்தான். ஆனால் தசை செலவழித்த ஆக்ஸிஜன், அதே துடிப்பில் வேகமாக நடப்பவர் செலவழித்ததைவிடக் குறைவு. கைகளும் தோள்களும் தாங்கும் நிலைகளில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே அளவு ஆக்ஸிஜன் செலவுக்குக் காலைவிடக் கை வேலையில் துடிப்பு அதிகமாகவே இருக்கும்.

உடல் இருக்கும் நிலையும் துடிப்பை மாற்றும். படுத்திருப்பவர் எழுந்து நின்றாலே இரத்தம் கால்களில் தங்குவதால் அதை ஈடுகட்ட இதயம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு கூட்டிக்கொள்வது இயல்பு. கால்களைச் சுவரில் மேலேற்றி வைக்கும் விபரீதகரணியில் இதற்கு நேர்மாறாக, இரத்தம் இதயத்துக்குத் தானாகவே திரும்புவதால் துடிப்பு இறங்கும். இந்த ஏற்ற இறக்கங்களில் உழைப்பின் பங்கு சொற்பம்.

மூச்சின் பங்கும் பெரிது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தணிவதும் ஆரோக்கியமான உடலின் இயல்பு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு நாடிசுத்தியை மெதுவாகச் செய்தால் இந்த அலை மிகப் பெரிதாகிறது. சிலருக்கு ஒரே மூச்சுக்குள் துடிப்பு பத்துக்கும் மேல் ஏறி இறங்கும். வாட்ச் பல நொடிகளின் சராசரியைக் காட்டுவதால் திரையில் இந்த அலை மங்கலாகத்தான் தெரியும். கபாலபாதியில் வயிற்றுத் தசைகள் வேகமாக இயங்குவதால் துடிப்பு கூடும். கடினமான ஆசனத்தில் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வோருக்கும் துடிப்பும் அழுத்தமும் தாறுமாறாகும். இதற்கெல்லாம் மேலே வெப்பம். சித்திரை மாத மாலையில், மின்விசிறி இல்லாத மாடி அறையில் செய்தால், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே ஆசனங்களுக்கே துடிப்பு கூடுதலாக இருக்கும். வாட்ச் அந்தக் கூடுதலையும் உழைப்பாகவே எடுத்துக்கொண்டு கலோரியில் சேர்த்துவிடும்.

எவ்வளவு சேர்க்கும் என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். 45 வயது, 62 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி 45 நிமிட வகுப்பு ஒன்றைச் செய்கிறார் என்று கொள்வோம். உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி 5 நிமிடம். அப்போது துடிப்பு 74. சூரிய நமஸ்காரம் 12 நிமிடம், துடிப்பு 112. நின்று பிடிக்கும் ஆசனங்கள் 13 நிமிடம், துடிப்பு 102. தரையில் உட்கார்ந்து முன் வளைதல், முறுக்குதல் 8 நிமிடம், துடிப்பு 84. கடைசியில் சவாசனம் 7 நிமிடம், துடிப்பு 72. மொத்தச் சராசரி 94.

வாட்ச் நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை முழுமையாக வெளியிடுவதில்லை. ஆனால் துடிப்பு, எடை, வயது, பாலினம் ஆகியவற்றிலிருந்து கலோரியைக் கணிக்கும் சூத்திரங்கள் ஆய்விதழ்களில் உண்டு. அவற்றில் பரவலாக எடுத்தாளப்படுவது 2005-இல் கீட்டெல் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. ஓடுதளத்திலும் சைக்கிளிலும் உழைத்தவர்களை அளந்து உருவாக்கிய சூத்திரம் அது. பெண்களுக்கான வடிவம் இப்படி:

```
கலோரி/நிமிடம் = (-20.4022 + 0.4472 × துடிப்பு
                 - 0.1263 × எடை + 0.074 × வயது) / 4.184
```

மேலே சொன்ன வகுப்பை இதில் போட்டால் 183 கலோரி வருகிறது. அதில் சூரிய நமஸ்காரத்துக்கு 72, நின்று பிடித்த ஆசனங்களுக்கு 64. சவாசனத்தில் அசையாமல் படுத்திருந்த ஏழு நிமிடத்துக்கும் 12 கலோரி எழுதியிருக்கும்.

இதே வகுப்பை வேறு வழியிலும் கணக்கிடலாம். சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலை 1 மெட் என்று வைத்து, ஒவ்வொரு செயலும் அதன் எத்தனை மடங்கு என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஆக்ஸிஜன் செலவை நேரடியாக அளந்த ஆய்வுகளிலிருந்து திரட்டிய மதிப்புகள் அதில் நிறைய இருக்கின்றன. 1 மெட் என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1 கலோரி. அந்தப் பட்டியலின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஹட யோகாவுக்கு 2.5, சூரிய நமஸ்காரத்துக்கு 3.3, மிதமான தசை நீட்சிக்கு 2.3, பவர் யோகாவுக்கு 4 என்று இருக்கிறது. சாதாரண வேகத்தில் நடப்பதற்கு 3.5. நம் உதாரண வகுப்புக்கு இவற்றைப் பொருத்தி, மூச்சுப் பயிற்சிக்கு 1.5, சவாசனத்துக்கு 1 என்று வைத்தால் மொத்தம் 108 கலோரி வருகிறது.

இதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, அந்த 45 நிமிடமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியது. 62 கிலோ உடலுக்கு அது 46 கலோரி. ஆக, யோகா செய்ததனால் கூடுதலாகச் செலவானது 62 கலோரி. சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால் காபிக்கு ஏறத்தாழச் சமம்.

183, 108, 62. ஒரே பெண்மணி, ஒரே வகுப்பு, மூன்று எண்கள். எங்கே பிசகியது என்று பார்த்தால் நின்று பிடித்த ஆசனங்கள்தான் முதலில் தெரியும். துடிப்பு 102 என்றதும் சூத்திரம் அதை ஓடுதளத்தில் வந்த 102 என்றே எடுத்துக்கொண்டு 64 கலோரி கொடுத்தது. மெட் கணக்கோ 34-தான் என்கிறது. துடிப்பு மிகக் குறைவாக இருக்கும் பகுதிகளிலும் சூத்திரம் தன் எல்லையைத் தாண்டி வேலை செய்கிறது. உழைப்பவர்களை வைத்து உருவாக்கியதைப் படுத்திருப்பவருக்குப் போட்டால் வேறெப்படி வரும். மெட் பட்டியலும் வேதவாக்கு அல்ல. அது பலருடைய சராசரி. சூரிய நமஸ்காரத்தை நிதானமாகச் செய்பவருக்கும் விரைவாகச் செய்பவருக்கும் அதில் ஒரே எண்தான். வேகமாகச் செய்பவர் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகச் செலவழிப்பார். என்றாலும் மெதுவான ஹட யோகா வகுப்பைப் பொறுத்தவரை உண்மை 108-க்குப் பக்கத்தில் இருக்குமே தவிர 183-க்குப் பக்கத்தில் இராது.

நல்ல வாட்சுகள் வெறும் துடிப்பை மட்டும் நம்பாமல் கையின் அசைவையும் சேர்த்துப் பார்க்கின்றன. எந்தப் பயிற்சி என்று தேர்ந்தெடுத்தோமோ அதற்கேற்பக் கணக்கை மாற்றவும் செய்கின்றன. அதனால் சில வாட்சுகள் மேலே சொன்னதைவிடக் குறைவாகவே காட்டும். அசைவை அதிகம் நம்பும் வாட்ச், நிலையாகப் பிடித்து நிற்கும் பயிற்சியில் உழைப்பையே காணாமல் விட்டுவிடுவதும் உண்டு. தோழிகள் இருவர் ஒரே வகுப்பில் வெவ்வேறு வாட்ச் கட்டியிருந்தால் கலோரி எண்கள் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். அந்தச் சோதனையில் யோகா சேரவில்லை. நடை, ஓட்டம், சைக்கிள் என்று கணக்குக்கு வசதியான பயிற்சிகளில் கிடைத்த முடிவே அது.

பயிற்சியின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது இதனால் முக்கியமாகிறது. யோகா என்று இருக்கும்போது அதை விட்டு Other என்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் கலோரி கூடுதலாக வருகிறது என்பதே காரணம். கூடுதலாக வருவதற்கான விளக்கம் ஆப்பிளின் பயனர் குறிப்பிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பிரிவில் சென்சார் அளவு கிடைக்காத நேரத்துக்கெல்லாம் வேகமாக நடந்ததற்கு ஈடான கலோரியை வாட்ச் போட்டுக்கொள்ளும். மணிக்கட்டு மடங்கி அளவு விட்டுப்போகும் ஒவ்வொரு நிமிடமும் விறுவிறுப்பான நடையாகப் பதிவானால் எண் ஏறத்தானே செய்யும். திரையில் இரண்டு கலோரி எண்கள் தெரிந்தால், Active என்பது பயிற்சியால் கூடியது. Total என்பது சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கையும் சேர்த்தது. சில வாட்சுகள் எது என்று சொல்லாமலே ஒரே எண்ணைக் காட்டும். அதில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்.

தசை நீட்சிப் பயிற்சியில் கலோரி எண்ணுக்கு இன்னும் குறைவான பொருளே உண்டு. பச்சிமோத்தானாசனத்திலோ, ஓட்டம் முடித்தபின் கெண்டைக்கால் சதையை இழுத்துவிடும்போதோ, நீளும் தசை பெரும்பாலும் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த தசை அதிக ஆற்றலைச் செலவழிப்பதில்லை. Flexibility, Cooldown போன்ற பிரிவுகளில் துடிப்பு படிப்படியாக இறங்கிக்கொண்டே போவதுதான் சரியான அறிகுறி. கடினமான ஓட்டத்துக்குப் பின் உடனே தொடங்கினால் முதல் சில நிமிடங்களுக்குத் துடிப்பு 120-க்கு மேல் இருக்கலாம். அது ஓட்டத்தின் பாக்கி. நீட்சியின் கணக்கில் அதைச் சேர்ப்பது தவறு. வாட்ச் சேர்த்துத்தான் எழுதும். இந்தப் பயிற்சியில் வாட்ச் உண்மையாக உதவுவது நேரத்தில். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரைப்படி ஒரு நீட்சியை 10 முதல் 30 நொடி வரை பிடித்து, ஒவ்வொரு தசைக்கும் மொத்தம் 60 நொடி வருமாறு திரும்பச் செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்ய வேண்டும். மனத்துக்குள் எண்ணும் 30 நொடி, வலி தொடங்கியதும் 15 நொடியாகச் சுருங்கிவிடும். வாட்சின் நொடிமுள் அப்படிச் சுருங்காது. நெகிழ்வு கூடியதா என்பதை அளக்க மட்டும் எந்த மணிக்கட்டுச் சென்சாராலும் முடியாது. முன் வளையும்போது விரல் நுனிக்கும் கால்விரலுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் பார்த்துக் குறித்துவைப்பதே அதற்கு வழி.

45 நிமிடம் செய்தும் உடற்பயிற்சி வளையம் பத்து நிமிடம்தான் நிறைந்திருக்கிறது என்ற குறை அடிக்கடி எழுவது. வாட்ச் இங்கே பிழை செய்யவில்லை. 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணிப்பது பழைய வழக்கம். 45 வயதுக்கு அது 175. மிதமான உழைப்பு என்பது அதில் 64 சதவீதத்தில், அதாவது 112-இல் தொடங்குகிறது. உதாரண வகுப்பில் சூரிய நமஸ்காரம் மட்டும்தான் அந்தக் கோட்டைத் தொட்டது. மற்றவை இலேசான உழைப்பு. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை மெதுவான யோகாவால் மட்டும் எட்டுவது கடினம். அதற்கு நடையும் வேண்டும். அதே நிறுவனம் தசை வலுவுக்கும், 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலைக்கும் தனிப் பயிற்சி கேட்கிறது. ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் அந்தக் கணக்கில் வரும். அதற்கு வளையம் எதுவும் நிறையாது.

அப்படியானால் துடிப்பு எண்ணால் என்ன பயன் என்றால், ஒருவர் தன்னைத் தன்னோடு ஒப்பிட்டுக்கொள்வதில் அது நன்றாகவே பயன்படும். ஒரே ஆசன வரிசையை, ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் செய்து இரண்டு மாத இடைவெளியில் வரைபடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முன்பு 118 வரை போன சூரிய நமஸ்காரச் சுற்று இப்போது அதே வேகத்தில் 108-இல் நின்றால் உடல் பழகியிருக்கிறது. அப்போது கலோரி எண்ணும் குறையும் என்பது வேடிக்கை. முன்னேறியவருக்கு வாட்ச் மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுகிறது. சவாசனத்தின் வரைபடமும் கவனிக்கத்தக்கது. படுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் துடிப்பு ஓய்வு அளவுக்கு அருகில் வந்துவிடுகிறதா, அல்லது ஏழு நிமிடமும் 85-ஐ விட்டு இறங்கவே இல்லையா என்று பார்க்கலாம். இறங்காத நாளில் தூக்கக் குறைவோ, காய்ச்சலின் தொடக்கமோ, சற்றுமுன் குடித்த காபியோ இருக்கக்கூடும்.

துடிப்பு இடைவெளி மாறுபாடு என்று எச்.ஆர்.வி. எண்ணைக் காட்டும் வாட்சுகளில் ஓர் எச்சரிக்கை தேவை. மெதுவான மூச்சு துடிப்பை அலையாக ஆட்டுவதால் பிராணாயாமத்தின்போது எடுத்த எச்.ஆர்.வி. வழக்கத்தைவிட உயர்ந்து தெரியும். அதை இரவுத் தூக்கத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, ஒரே வாரத்தில் மன அழுத்தம் தீர்ந்தது என்று முடிவுகட்டுவது பொருந்தாது. தூக்கத்தைத் தூக்கத்தோடும், பயிற்சியைப் பயிற்சியோடும்தான் ஒப்பிட வேண்டும்.

மருந்துகளும் இந்த எண்களை மாற்றும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அடினோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குத் துடிப்பு உயராமல் கட்டுப்பட்டிருக்கும். வாட்சின் உழைப்பு மண்டலங்களும் கலோரியும் அவர்களுக்குப் பொருந்தா. இன்னொன்று, பிடித்து நிற்கும் ஆசனத்திலும் மூச்சை அடக்கும்போதும் இரத்த அழுத்தம் கணிசமாக ஏறலாம். துடிப்பு எண் அமைதியாக 90 என்று காட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில்கூட இது நடக்கும். அழுத்தம் உள்ளவர்கள் துடிப்பைப் பார்த்துப் பாதுகாப்பை முடிவுசெய்யக் கூடாது. எந்த ஆசனத்தை எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்பதை மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டுக் கணக்கு எழுதுபவர்களுக்குத்தான் கலோரி எண்ணின் பிழை நேரடியாக வலிக்கும். சில செயலிகள் வாட்ச் காட்டிய கலோரியை அப்படியே அன்றைய உணவு அளவில் கூட்டிக்கொடுத்துவிடும். உதாரணப் பெண்மணி 183 கலோரியை நம்பி அவ்வளவும் கூடுதலாகச் சாப்பிட்டால், உண்மையில் கூடிய செலவு 62 மட்டுமே என்பதால் ஒவ்வொரு வகுப்புக்கும் 121 கலோரி மிஞ்சும். வாரத்துக்கு ஐந்து வகுப்பென்றால் 605. யோகா நாட்களில் இந்தக் கூட்டலை அமைப்பில் நிறுத்திவைப்பது நல்லது.